பத்தாம் வகுப்புக்குப் பின்: மேல்நிலையா, பாலிடெக்னிக்கா?

பொறியியல் படிக்க விரும்பும் மாணவருக்கு இரு வழிகள் உண்டு. மேல்நிலை 2 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு, அல்லது பாலிடெக்னிக் பட்டயம் 3 ஆண்டு, பிறகு நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையில் பி.இ. 3 ஆண்டு. இரண்டுமே 6 ஆண்டுதான். குடும்பச் சூழலால் மூன்றாண்டுகளில் படிப்பை நிறுத்த நேர்ந்தால்தான் வேறுபாடு தெரியும். பட்டயம் பெற்றவர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பி.இ. முதலாண்டோடு நின்றவரிடம் பிளஸ் டூ சான்றிதழ் மட்டுமே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இயந்திரவியல் பட்டயத்தில் உயிரியல் கிடையாது. பின்னர் மருத்துவம் படிக்க மனம் மாறினால், உயிரியலோடு பிளஸ் டூ படித்துத் தேர்ச்சி பெற்றாக வேண்டும். எனவே இன்னும் முடிவெடுக்காத மாணவரை, கணிதமும் உயிரியலும் சேர்ந்த மேல்நிலைப் பிரிவுக்கு அனுப்புவதே நல்லது. பொறியியல் மனம் மாறாவிட்டால், பிளஸ் டூ முடித்தும் பட்டயத்தில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். ஓராண்டு கூடும், அவ்வளவுதான்.