தவணையில் வட்டி எத்தனை சதவீதம்?

கேள்வி: 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கி ஐந்து ஆண்டுகள் தவணை கட்டினேன். அசல் மூன்றரை லட்சம்கூடக் குறையவில்லை. வங்கி கூடுதலாக வட்டி பிடிக்கிறதா?

பதில்: இல்லை. நிலுவையில் உள்ள அசலுக்குத்தான் மாதாமாதம் வட்டி போடுகிறார்கள். உங்கள் கடன் 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கானது என்று கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,992 ரூபாய் வரும். முதல் மாதம் 30 லட்சத்துக்கு வட்டி மட்டுமே 22,500 ரூபாய். அதாவது தவணையில் 83 சதவீதம் வட்டி, 17 சதவீதம் அசல். அசல் மெல்லக் குறைவதால் வட்டியின் பங்கும் மெல்லவே இறங்கும். ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் அது 74 சதவீதம். பாதிக்குப் பாதி ஆவது 13ஆம் ஆண்டில்தான்.

இந்தச் சதவீதத்தைத் தீர்மானிப்பவை வட்டி விகிதமும் மீதமுள்ள காலமும். கடன் தொகை அல்ல. இதே கடனை 15 ஆண்டுகளுக்கு வாங்கியிருந்தால், முதல் தவணையிலேயே வட்டி 74 சதவீதமாக இருந்திருக்கும். தவணைதான் சுமார் 30,400 ரூபாய்.

முன்கூட்டிக் கட்டும் பணம் முழுவதும் அசலில் கழியும். முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் கட்டினால் சுமார் 19 தவணைகள் குறையும். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு இதற்காக அபராதம் கிடையாது. கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள்.