உச்சிப் பொழுதும் உச்ச உஷ்ணமும்

சூரியன் உச்சியில் நிற்கும் நேரமே பகலில் வெப்பம் மிகுந்த நேரமென்று குடியானவர்களில் பலர் எண்ணுகின்றனர். நிழல் திரும்பியதும் வெயிலின் கொடுமை கழிந்ததென்று கருதி, நாற்றின்மேல் போட்ட ஓலைப் பந்தலை நீக்கிவிடுவாரும், நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவாரும் உண்டு. உள்நாட்டில் உஷ்ணமானி காட்டும் உச்சமோ பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையிலேயே வருகிறது. எனவே நாற்றுக்குப் பாதுகாப்பு மிகவும் வேண்டிய வேளையில் அது நீக்கப்பட்டுவிடுகிறது.

முதலில் உச்சிப் பொழுது எப்பொழுது என்பதை அறிதல் வேண்டும். இந்தியா முழுவதற்கும் பொதுவான கடிகார நேரம் 1906ஆம் ஆண்டு முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி வழங்கிவருகிறது. தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்திலுள்ள புன்னக்காயல் அதற்கு மேற்கே ஏறக்குறைய 78 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிஷமாகும். ஆதலால் புன்னக்காயலில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கன்று. சராசரியில் 12 மணி 17 நிமிஷ அளவிலாகும். பிப்ரவரி நடுவில் இது 12½ மணியையும் சிறிது கடக்கும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டி நிகழும். ஆகவே தாமதத்தில் ஒரு சிறு பங்கு கடிகாரத்தைச் சார்ந்தது. அதைக் கழித்தாலும் இரண்டு மணி நேரத் தாமதம் மிச்சமிருக்கும். அதன் காரணமே ஈண்டு ஆராயத்தக்கது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கால்களால் நீர் பெறும் குளமொன்றை நினைத்துக்கொள்க. நண்பகலில் கால்வாயில் வரத்து மிக அதிகமாக வருகிறது; பின்னர் குறையத் தொடங்குகிறது. ஆயினும் மடை வழியே போகும் செலவைவிட வரத்து கூடுதலாயிருக்கும் வரையில் குளத்தின் மட்டம் உயர்ந்துகொண்டேயிருக்கும். வரத்தும் செலவும் சமமாகும் கணத்தில்தான் மட்டம் உச்சத்தை அடையும். அதன் பிறகே இறங்கும். வெப்பமும் இவ்வாறே. சூரியனிடமிருந்து வருவது வரத்து. தரை வானத்தை நோக்கி விடுவதும், மேலெழும் காற்றும் ஆவியும் கொண்டுபோவதும் செலவு. குளத்தில் மட்டம் உயர உயர மடைப்பாய்ச்சல் வலுப்பது போல, தரையும் காற்றும் சூடேற ஏறச் செலவும் மிகும்.

இதை ஒரு கணக்கால் காணலாம். சித்திரை மாதத் தொடக்கத்தில், ஏப்ரல் 12ஆம் தேதி வாக்கில், இப்பகுதியில் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். அன்று உச்சியில் வெயிலின் வரத்தை 100 என்று வைத்தால், கதிர் சாய்வதால் மட்டும், உச்சிக்கு ஒரு மணி நேரத்துக்குப் பின் 97ம், இரண்டு மணி நேரத்துக்குப் பின் 87ம், மூன்று மணி நேரத்துக்குப் பின் 71ம் ஆகும். முதல் மணியில் குறைவது மூன்றே பங்கு என்பதைக் கவனிக்க. விளக்கத்தின் பொருட்டு, செலவு உச்சியில் 72 என்றும், அடுத்த மணிகளில் 79, 84 என்றும் கொள்வோம். உச்சியில் 28 மிச்சம். ஒரு மணி கழித்து 18. இரண்டு மணி கழித்தும் 3 மிச்சமிருக்கிறது. மிச்சம் இருக்கும்வரை சூடு ஏறும். மேலும் சிறிது நேரத்தில் வரத்து செலவுக்குக் கீழிறங்கும். அந்த இடமே அன்றைய உச்ச உஷ்ணம். கடிகாரத்தில் அது 2½ மணியை ஒட்டி அமையும். செலவின் எண்கள் நாளுக்கு நாள், நிலத்துக்கு நிலம் மாறுமாயினும் கணக்கின் போக்கு மாறாது.

மற்றொரு காரணமும் இதனுடன் சேர்கிறது. வெயில் காற்றை நேரே மிகுதியாகச் சுடுவதில்லை; தரையைச் சுட, தரை காற்றைச் சுடுகிறது. வெறுங்காலுடன் தேரி மணலில் நடப்பவர் இதை நன்கறிவர். உலர்ந்த மணலின் மேற்பரப்பு 1 மணி அளவிலேயே மிகக் கொதிக்கும். ஆளுயரத்துக் காற்று அதற்குப் பின்னரே உச்சமடையும். மண்ணுக்குள்ளேயோ தாமதம் இன்னும் பெரிது. நான்கங்குல ஆழத்தில் உச்சம் மாலை 4 மணிக்குமேல் வரும். ஓரடி ஆழத்தில் அது நள்ளிரவை ஒட்டி வருவதும் உண்டு. அங்கே பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேற்றுமையும் மிகச் சொற்பம்.

இனி, இவ்விதி புன்னக்காயலிலேயே பல நாட்களில் பொய்த்துவிடுகிறது. கடல் நீர் வெயிலை ஆழம் வரை பகிர்ந்துகொள்வதால் பகலில் அதன் சூடு ஒரு பாகை அளவுகூட ஏறுவது அரிது. கரையோ விரைவாகச் சுடும். சுட்ட கரைமேல் காற்று மேலெழ, மன்னார் வளைகுடாவிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகும். மாசி முதல் சித்திரை வரை இக்கடற்காற்று முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ கரையேறுவது வழக்கம். அது வீசிய மாத்திரத்தில் உஷ்ணமானியின் ஏற்றம் நின்றுவிடும்; சில நாட்களில் இறங்கவும் செய்யும். குளத்தின் வரத்து குறையாதிருக்கையிலே புதிய மடையொன்றைத் திறந்துவிட்டதற்கு இது ஒப்பாகும். எனவே புன்னக்காயலில் அன்றைய உச்சம் உச்சிப் பொழுதிலோ அதற்கு முன்னரோ கழிந்துவிடக் கூடும். சுமார் 14 மைல் உள்ளேயிருக்கும் ஸ்ரீவைகுண்டத்திற்குக் காற்று வந்து சேர மேலும் சில மணி நேரமாகும். அதற்கும் மேற்கே பாளையங்கோட்டையில் பிற்பகல் உச்சம் பெரும்பாலும் தடைப்படுவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மலைக்கணவாய் வழியே வரும் வறண்ட மேல்காற்று வலுத்தால் கடற்காற்று கரையேறத் தாமதிக்கும். அந்நாட்களில் கடற்கரை ஊரும் உள்நாட்டைப்போல் பிற்பகல் வரை வேகும். கொடியொன்றைக் கட்டி, அது மேற்கினின்று கிழக்கு முகமாகப் பறக்கிறதா, கிழக்கினின்று மேற்கு முகமாகத் திரும்பிற்றா என்று பார்த்தாலே எந்நாள் எவ்வகையென்று தெரிந்துவிடும்.

ஆற்றூர்ப் பக்கத்துக் கார் நாற்றங்காலுக்கு இவ்வேற்றுமை மிக முக்கியம். வைகாசியில் முளைகட்டிய விதையை விதைத்தபின் பாத்தியில் விரற்கடை அளவு நீர் நின்றால், அந்நீர் வெயிலில் காய்ந்து பிற்பகல் 2 மணி வாக்கில் மிகச் சுடும். 40 பாகை சென்டிகிரேடைத் தாண்டினால் இளமுளை வெந்துபோகும். காலையில் பார்த்து நீர் தணிந்திருக்கக் கண்டவர், பயிர் கெட்ட காரணத்தை மாலையில் அறியமாட்டார். ஆதலால் முதல் சில நாட்கள் காலையில் நீரை வடித்துச் சேறு ஈரமாயிருக்கும்படி விட்டு, மாலையில் பாய்ச்சுதல் நலம். கடற்காற்று வீசிவிட்டதென்று இதில் அசட்டையாயிருத்தல் கூடாது. காற்று மனிதனுடைய வியர்வையை ஆற்றும்; பாத்தி நீர்மேல் விழும் வெயிலை அது தடுப்பதில்லை. சந்தேகமிருப்பின் பாத்தி நீரில் 2 மணிக்கு உஷ்ணமானியை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

காற்றின் உஷ்ணத்தை அளப்பவர் ஒரு பிழையை விலக்கிக்கொள்க. வட தேசத்து நூல்களில் உஷ்ணமானியை வடக்குச் சுவரில் மாட்டும்படி கூறுவதுண்டு. இங்கே ஏப்ரல் நடுமுதல் ஆகஸ்டு இறுதிவரை சூரியன் உச்சியில் தலைக்கு வடக்கே செல்வதால், அச்சுவரின்மேலேயே வெயில் படும். சுவரை நம்பாமல், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், காற்றுப் புகும் பலகை அடுக்குகளோடு வெள்ளையடித்த பெட்டியில் வைத்துப் பார்ப்பதே சரி. பெட்டி கிடைக்காவிடில் அடர்ந்த புன்னை மர நிழல் போதும். ஆனால் நிழல் நகர்ந்து 3 மணிக்கு வெயில் கருவியின்மேல் விழாத இடமாகப் பார்த்துத் தொங்கவிட வேண்டும்.