வைடால் ரிப்போர்ட்டில் 1:160 என்று வந்தால் டைஃபாய்டுதானா?



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் அடிக்கடி இணைக்கப்பட்டிருப்பது வைடால் டெஸ்ட் ரிப்போர்ட். "டைஃபாய்டு பாசிட்டிவ்" என்று அதில் இருந்தால் வீட்டார் வேறு எதையும் யோசிப்பதில்லை. அண்மையில் வந்த ஒரு மனுவைப் பார்த்தபோது, இதைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

கல்லூரியில் படிக்கும் பெண். காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே வைடால் எடுத்திருக்கிறார்கள். டி.ஓ. 1:160, டி.எச். 1:80. உடனே செஃபிக்சைம் மாத்திரை ஐந்து நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் எடுத்த பிளட் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. பிறகு வேறொரு மருத்துவமனையில் உடல் முழுவதும் பரிசோதித்தபோது, இடுப்பில் உடை இறுகும் இடத்தில் சிறிய கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. அது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது, அல்ஹம்துலில்லாஹ். செஃபிக்சைம் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஒரு வாரம் வீணானதற்குக் காரணம் அந்த முதல் ரிப்போர்ட்தான்.

வைடால் என்பது 1896இல் பாரிஸில் ஃபெர்னான் விடால் என்ற மருத்துவர் கொண்டுவந்த முறை. இது டைஃபாய்டு கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ரத்தத்தின் தெளிநீரைப் படிப்படியாக இரண்டு மடங்கு நீர்த்துக்கொண்டே போவார்கள்: 1:20, 1:40, 1:80, 1:160, 1:320. அதில் செத்த கிருமிகளைச் சேர்த்தால், எதிர்ப்புப் பொருள் இருக்கும்வரை அவை திரிந்து கட்டியாகும். கடைசியாக எந்த நீர்ப்பில் திரிந்ததோ அதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண்.

அந்த எதிர்ப்புப் பொருள் பொதுவாக முதல் வாரத்தின் கடைசியில்தான் எழும்பத் தொடங்கும். அப்படியானால் மூன்றாம் நாளில் 1:160 எங்கிருந்து வந்தது? இரண்டு வருடத்துக்கு முன் மகளுக்கு டைஃபாய்டு வந்ததாக அவருடைய உம்மா சொன்னார். பழைய நோயின் மிச்சமாக அது இருந்திருக்கலாம். டைஃபாய்டு தடுப்பூசி போட்டவர்களுக்கும், அதே இனத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள் தாக்கியவர்களுக்கும், மலேரியா போன்ற பிற காய்ச்சல் வந்தவர்களுக்கும் இப்படிப் பாசிட்டிவ் காட்டுவதுண்டு. மறுபக்கம், உண்மையான டைஃபாய்டு நோயாளிக்கு நெகட்டிவ் வருவதும் உண்டு.

முறைப்படி செய்வதானால் ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, எண் நான்கு மடங்கு ஏறியதா என்று ஒப்பிட வேண்டும். 80 என்பது 320 ஆனால் அதற்கு அர்த்தம் உண்டு. 80 என்பது 160 ஆனால் அது ஒரே படி. பரிசோதனையின் சாதாரண வித்தியாசமாகவே இருக்கலாம். ஆனால் காய்ச்சலில் கிடப்பவர் பத்து நாள் காத்திருக்க முடியாது என்பதால் பெரும்பாலும் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். குணமானதா என்று பார்க்க மறுபடி வைடால் எடுப்பதும் வீண் செலவு. நோய் போன பிறகும் அந்த எண் மாதக்கணக்கில் நிற்கும்.

கிருமியையே வளர்த்துக் காட்டுவது பிளட் கல்ச்சர். அதைவிட முக்கியம், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்பதும் அதில் தெரியும். நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் டைஃபாய்டு கிருமியிடம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய வகைக்கு செஃப்ட்ரையாக்சோனும் கேட்கவில்லை. இதையெல்லாம் வைடால் சொல்லாது.

கல்ச்சருக்கும் குறை உண்டு. நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். ஆகவே பெரியவர்களுக்கு சுமார் 10 மில்லி ரத்தம் தேவை. "இவ்வளவா?" என்று பயப்பட வேண்டாம், குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவாகவே எடுப்பார்கள். முறையாக எடுத்தாலும் பத்தில் ஆறு பேரிடம்தான் கிருமி சிக்கும். ஆன்டிபயாடிக் தொடங்கிய பின் எடுத்தால் இன்னும் குறையும். அந்த மாணவியின் ஒன்பதாம் நாள் கல்ச்சர், டைஃபாய்டு இல்லை என்று நிரூபிக்கவும் உதவவில்லை. காரணம், அதற்குள் ஐந்து நாள் மாத்திரை உள்ளே போய்விட்டது.

கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்கியவர்களுக்கு இது ஒரு வசதி. ஆனால் ரத்தத்தில் கிருமி மிகக் குறைவு என்ற சிக்கல் இதற்கும் உண்டு. டைஃபாய்டுக்கான பி.சி.ஆர். எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. எனவே நம் குடும்பங்களுக்குக் கைக்கெட்டுவது கல்ச்சர்தான்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்து, டாக்டர் டைஃபாய்டு என்று சந்தேகித்தால், "மாத்திரை தொடங்குமுன் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிடலாமா?" என்று கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள், சிலசமயம் ஐந்து நாளும் ஆகும். ஆனால் ரத்தம் எடுத்த அடுத்த நிமிடமே மருந்து தொடங்கலாம். முடிவு வந்ததும் டாக்டர் மருந்தை மாற்றிக்கொள்வார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதன் அட்டையையும் மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.