விமானம் ஏறும் முன் சேர்க்க வேண்டிய +91

சிங்கப்பூரில் இறங்கி உள்ளூர் சிம் போட்ட அன்று, மதுரையில் இருக்கும் சித்தியின் பெயரைத் தொட்டு அழைத்தேன். போகவில்லை. புது எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சித்தியே கூப்பிட்டார். திரையில் அவர் பெயர் சரியாக வந்தது. பெயர் வருகிறதே, எண்ணில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

தப்பு எண்ணில்தான். வரும் அழைப்பில் +91 சேர்ந்தே வரும். போன் கடைசி இலக்கங்களைப் பொருத்திப் பார்த்துப் பெயரைக் காட்டிவிடும். நாம் அழைக்கும்போது சேமித்து வைத்த பத்து இலக்கம் மட்டுமே போகும். சிங்கப்பூர் எண்களுக்கு எட்டே இலக்கம். அங்குள்ள நெட்வொர்க்குக்கு நம் பத்து இலக்கம் புரியாது. எஸ்எம்எஸ்ஸும் இப்படித்தான் நின்றுபோகும்.

ஊரில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடலாம். +91 சேர்த்து அழைத்தால் இந்தியாவுக்குள்ளும் அழைப்பு போகும், கூடுதல் கட்டணமும் இல்லை.

முதலில், பழைய சிம்மில் சேமித்த எண்கள் இருந்தால் அவற்றைப் போனுக்கோ கூகுள் கணக்குக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். சிம்மைக் கழற்றினால் அவையும் போய்விடும்.

அடுத்து, வீட்டார், வங்கிக் கிளை, மருத்துவர் என்று அவசியமானவர்களிடமிருந்து தொடங்குங்கள். தொடர்பைத் திறந்து, திருத்து என்பதைத் தொட்டு, எண்ணின் முன்னால் +91 சேருங்கள். கூட்டல் குறி கிடைக்காவிட்டால் 0 விசையை அழுத்திப் பிடியுங்கள். கூட்டலுக்குப் பதில் 00 போட வேண்டாம். வெளிநாட்டு அழைப்புக்கான முன்னெண் இந்தியாவில் 00, அமெரிக்காவில் 011. கூட்டல் இருந்தால், எந்த நாட்டில் இருக்கிறோமோ அதற்கு ஏற்றதை நெட்வொர்க்கே போட்டுக்கொள்ளும்.

எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அதை எடுத்துவிடுங்கள். சித்தி வீட்டு லேண்ட்லைனை நான் 0452 போட்டு வைத்திருந்தேன். அது +91 452 என்று தொடங்கி, பின்னால் வீட்டின் ஏழு இலக்க எண் வர வேண்டும். ஊர்க்குறியீடே இல்லாமல் வெறும் ஏழு இலக்கமாக வைத்திருந்தால் 452ஐயும் நாமேதான் சேர்க்க வேண்டும். +91க்குப் பிறகு மொத்தம் பத்து இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் போதும். மொபைலுக்கும் லேண்ட்லைனுக்கும் அதே கணக்கு.

வாட்ஸ்அப் கணக்கைச் சிங்கப்பூர் எண்ணுக்கு மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. நாட்டுக் குறியீடு இல்லாத எண்களை அது நம் கணக்கின் நாட்டு எண்களாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் பழைய உரையாடல்களில் பெயர் போய் எண் மட்டும் நிற்கும். +91 சேர்த்ததும் பெயர் திரும்பிவிடும்.

சோதிக்கும்போது ஒரு கவனம். அழைப்புப் பட்டியலிலிருந்து அழைக்காதீர்கள். அங்கே வந்த அழைப்பு +91 உடன் பதிவாகியிருக்கும், எப்படியும் போய்விடும். தொடர்பைத் திறந்து அங்கிருந்து அழையுங்கள்.

1800 இலவச எண்களை இப்படித் திருத்திப் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து அவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அழைக்க வங்கி தனி எண் கொடுத்திருக்கும். கிளம்பும் முன் அதைத் தேடிச் சேமியுங்கள்.