சி.ஏ.எஸ்.-இல் பெயர் மாறி வந்தால் என்ன எழுதுவது?

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு இந்த மாதப் பாடம். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க, பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். எண் வேண்டும். அதிலுள்ள விவரமும் கடப்பிதழில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். நம்ம பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான்.

மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. PRAVIN A/L SELVAM என்று ஒரே பெயராக இருக்கும். பல்கலைக்கழகப் பாரத்திலோ இரண்டு கட்டம். A/L என்றால் 'மகன்' என்பது அங்குள்ள அலுவலருக்கு எப்படித் தெரியும்? அதையே குடும்பப் பெயராகப் போட்டுவிடுவார், இல்லையென்றால் தூக்கிவிடுவார்.

பதறாமல் முதலில் கடப்பிதழின் படப் பக்கத்தில் கீழே இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கேயும் சாய்கோடு இருக்காது, < என்ற குறிதான் இருக்கும். பல கணினிகள் சாய்கோட்டை ஏற்பதில்லை. அதனால் A L என்று வந்திருந்தால், இது சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அப்பா பெயர் விடுபட்டிருந்தாலோ எழுத்து மாறியிருந்தாலோ கட்டாயம் திருத்தம் கேட்க வேண்டும்.

தலைப்பில் மாணவர் எண், பெயர்த் திருத்தம், விசா விண்ணப்பிக்கும் தேதி மூன்றும் இருக்கட்டும். 'அவசரம்' என்று மட்டும் போட்டால் யாருக்கு, எதற்கு என்று தெரியாது. உள்ளே நான் இப்படித்தான் எழுதச் சொல்வேன் (ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்):

"வணக்கம். என் சி.ஏ.எஸ்.-இல் பெயர் PRAVIN AL என்று உள்ளது. கடப்பிதழில் PRAVIN A/L SELVAM. A/L என்பது 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் சொல், குடும்பப் பெயர் அல்ல. SELVAM என் தந்தையின் பெயர். இதைத் திருத்த முடியுமா? ஆகஸ்ட் 10-ஆம் தேதி விசாவுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். கடப்பிதழின் படப் பக்கத்தையும் சி.ஏ.எஸ். பக்கத்தையும் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். குடும்பக் கதை வேண்டாம். தங்கச்சிமார் A/P என்று மாற்றி, 'மகள்' என்று எழுதணும்.

பதில் இரண்டு விதமாக வரலாம். அதே சி.ஏ.எஸ்.-இல் குறிப்புச் சேர்த்துத் திருத்தியதாகச் சொல்வார்கள், அல்லது புது எண் தருவார்கள். புது எண் என்றால் பழையதை விசா பாரத்தில் போட்டுவிடாதீர்கள். பதில் வரும்வரை விண்ணப்பத்தை அனுப்பவும் கூடாது; அனுப்பிய பிறகு திருத்துவது பெரிய வேலை.

ஆகஸ்டில் பிரிட்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால். அவர்கள் காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது நமக்கு மாலை 4. அதனால் மதியத்துக்குள் அனுப்பிவிட்டால் அன்று காலையே அவர்கள் கண்ணில் படும். பல பல்கலைக்கழகங்கள் சி.ஏ.எஸ். தருவதற்கு முன் சரிபார்க்க ஒரு வரைவு அனுப்பும். அப்போதே இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டால் குறிப்பும் வேண்டாம், புது எண்ணும் வேண்டாம்.