அறுபத்தொரு ரூபாய் எங்கிருந்து வந்தது?
கூட்டுவட்டிக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வணிகக் கணிதப் பயிற்சித்தாளில் கூட்டுவட்டிப் பகுதி பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வியோடு தொடங்கும்: ரூ. 8,000-க்கு ஆண்டுக்கு 5% வட்டி வீதத்தில் 3 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? விடை 61 ரூபாய். சூத்திரத்தில் எண்களைப் போட்டால் அது வந்துவிடும். ஆனால் அந்த 61 எந்த ஆண்டில் எவ்வளவாகச் சேர்ந்தது என்று கேட்டால் சரியாக விடை எழுதிய பலரும் தயங்குகிறார்கள். கூட்டுவட்டியைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் வளர்வது அந்தத் தயக்கத்தில்தான்.

சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு, கணக்குப் பேரேட்டில் எழுதுவதுபோல் ஆண்டு ஆண்டாக எழுதிப் பார்த்தால் கணக்கு கண்முன் விரிகிறது.

| ஆண்டு | தனிவட்டி | கூட்டுவட்டி | கூட்டுவட்டியில் ஆண்டு முடிவுத் தொகை |
|---|---|---|---|
| 1 | 400 | 400 | 8,400 |
| 2 | 400 | 420 | 8,820 |
| 3 | 400 | 441 | 9,261 |

தனிவட்டியில் எத்தனை ஆண்டு ஆனாலும் 5% கணக்கிடப்படுவது அதே 8,000-க்குத்தான். கூட்டுவட்டியில் ஓர் ஆண்டின் முடிவுத் தொகையே அடுத்த ஆண்டின் அசலாகிறது. வீதம் மாறுவதில்லை, வீதம் விழும் தொகைதான் மாறுகிறது. கீழே வரும் நம்பிக்கைகள் ஒவ்வொன்றும் இந்தச் சிறு அட்டவணையோடு மோதித்தான் உடைகின்றன.

நம்பிக்கை: கூட்டுவட்டி என்றால் முதல் ஆண்டிலிருந்தே கூடுதல் வட்டி.

முதல் வரியைப் பார்த்தாலே போதும். இரண்டு பக்கமும் 400. வட்டிக்கு வட்டி வேண்டுமானால் முதலில் ஒரு வட்டி பிறந்திருக்க வேண்டும், முதல் ஆண்டு முடியும்வரை அப்படி எதுவும் இல்லை. ஆகவே ஓர் ஆண்டுக்கு வித்தியாசம் காணச் சொன்னால் விடை பூச்சியம். இங்கே ஒரு நிபந்தனை உண்டு: வட்டி ஆண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால் முதல் ஆறு மாதத்தில் 200, அடுத்த ஆறு மாதத்தில் 8,200-க்கு 205, ஆக 405 ரூபாய் வரும். ஓர் ஆண்டிலேயே 5 ரூபாய் வித்தியாசம் எழுந்துவிடும். சமமாக இருப்பது முதல் ஆண்டு அல்ல, வட்டி சேரும் முதல் தவணைதான்.

நம்பிக்கை: வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் கூடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு வித்தியாசம் 20 ரூபாய். இதைக் கண்டவுடன் மூன்று ஆண்டுகளுக்கு 30 என்று எழுதுவோர் உண்டு, 40 என்று எழுதுவோரும் உண்டு. உண்மையான விடை 61. மூன்றாம் ஆண்டில் மட்டும் 41 ரூபாய் கூடியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் சுவையான இடம்.

இரண்டாம் ஆண்டில் கூடிய 20 ரூபாய், முதல் ஆண்டு வட்டியான 400 ஈட்டியது. மூன்றாம் ஆண்டில் அதே 400 மறுபடியும் 20 ரூபாய் ஈட்டுகிறது. அதோடு இரண்டாம் ஆண்டு வட்டியான 420-ம் களத்தில் இறங்கிவிட்டது, அதற்கு 5% என்றால் 21. இரண்டும் சேர்ந்து 41. இந்த 21-இலும் 20 ரூபாய் 400-க்கு உரியது. மிச்சமுள்ள ஒரு ரூபாய், இரண்டாம் ஆண்டில் கூடுதலாக வந்த அந்த 20-க்குக் கிடைத்த வட்டி. அதாவது வட்டிக்கு வந்த வட்டிக்கும் ஒரு வட்டி, அசலின் கொள்ளுப்பேரன்.

ஆக, 61 என்பது மூன்று இருபதுகளும் ஒரு ரூபாயும். பாடநூல்கள் தரும் சூத்திரங்கள் சொல்வதும் இதையேதான். P அசல், r ஆண்டு வட்டி வீதம்:

```
2 ஆண்டு வித்தியாசம் = P(r/100)^2
3 ஆண்டு வித்தியாசம் = P(r/100)^2 (3 + r/100)
```

முதல் சூத்திரம் 20-ஐத் தருகிறது. இரண்டாவது 20 × 3.05 ஆகி 61-ஐத் தருகிறது. அதிலுள்ள 3, மூன்று இருபதுகள். கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் 0.05, அந்த ஒற்றை ரூபாய். இப்படிப் பார்த்தவருக்கு இந்தச் சூத்திரத்தை நெட்டுருப் போட வேண்டிய தேவையே இல்லை. மறந்து போனாலும் மூன்று வரி எழுதித் திரும்பப் பெற்றுவிடலாம்.

தலைகீழாக வரும் கேள்விக்கும் இதே பார்வை கைகொடுக்கிறது. இரண்டு ஆண்டு வித்தியாசம் 20, வீதம் 5%, அசல் என்ன? 20 என்பது முதல் ஆண்டு வட்டிக்கு விழுந்த 5%. அப்படியானால் முதல் ஆண்டு வட்டி 400. அந்த 400 அசலின் 5%. அசல் 8,000.

நம்பிக்கை: சூத்திரம் தருவது கூட்டுவட்டி.

`A = P(1 + r/100)^n` தருவது அசலும் வட்டியும் சேர்ந்த தொகை. கூட்டுவட்டி வேண்டுமானால் அதிலிருந்து அசலைக் கழிக்க வேண்டும்: 9,261 − 8,000 = 1,261. விடைத்தாளில் மதிப்பெண் வீணாகும் இடங்களில் இதுவும் ஒன்று. தவறைப் பிடிப்பது எளிது. மூன்று ஆண்டுத் தனிவட்டி 1,200 என்பது மனக்கணக்கு. சிறிய வீதத்தில் சில ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டி அதைவிடச் சற்றே மேலே நிற்க வேண்டும். 9,261 என்ற எண் அங்கே எழுதப்பட்டிருந்தால் பார்த்தவுடனேயே பொருந்தாது.

நம்பிக்கை: அரையாண்டுக் கணக்கில் வீதத்தைப் பாதியாக்கினால் போதும்.

ரூ. 8,000, ஆண்டுக்கு 10%, ஒன்றரை ஆண்டு, வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை சேர்கிறது. வீதம் பாதியாகி 5% ஆகும். அதே கையோடு காலத்தையும் அரையாண்டுகளாக எண்ண வேண்டும், ஒன்றரை ஆண்டில் அவை மூன்று. 5 சதவீதம், மூன்று தவணை என்றதும் மேலே எழுதிய அட்டவணையே திரும்பி வந்து நிற்கிறது. விடை அதே 9,261. அட்டவணையில் ஆண்டு என்பதை அழித்து அரையாண்டு என்று எழுதினால் வேலை முடிந்தது. வீதத்தை மட்டும் பாதியாக்கி, காலத்தை ஒன்றரை என்றே விட்டவருக்கு 9,000-ஐக்கூட எட்டாத ஒரு தொகைதான் கிடைக்கும். தனிவட்டியிலேயே ஒன்றரை ஆண்டுக்கு 1,200 வந்து தொகை 9,200 ஆகிவிடும் என்பதால், அந்த விடை பிழை என்பது உடனே தெரியும்.

இதே கேள்வியில் வட்டி ஆண்டுக்கு ஒருமுறைதான் சேரும் என்றால் கணக்கு வேறு. முதல் ஆண்டு முடிவில் 8,800. எஞ்சிய அரையாண்டுக்கு, பாடநூல் முறைப்படி, 8,800-இன் மீது 5% தனிவட்டி: 440. தொகை 9,240. வீதமும் ஒன்று, காலமும் ஒன்று, ஆனாலும் 21 ரூபாய் இடைவெளி. 'அரையாண்டுக்கு ஒருமுறை' என்ற சொற்களைக் கேள்வியில் அடிக்கோடிட்டுக்கொள்வது அதனால்தான் அவசியமாகிறது.

வீதம் எந்தக் காலத்துக்கு உரியது என்ற கேள்வி பயிற்சித்தாளுக்கு வெளியேயும் உண்டு. ஊர்ப்புறத்தில் 'இரண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24%. அந்த வட்டியைக் கட்டாமல் விட, மாதந்தோறும் அது அசலோடு சேர்க்கப்பட்டால் நூறு ரூபாய்க் கடன் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 126 ரூபாய் 82 காசாகிவிடும்.

நம்பிக்கை: இரண்டு தொகைகளைக் கழித்தால் வருவது எல்லா ஆண்டுக்கும் பொதுவான வட்டி.

ஒரு தொகை கூட்டுவட்டியில் 2 ஆண்டில் ரூ. 8,820, 3 ஆண்டில் ரூ. 9,261 ஆகிறது, வீதம் என்ன என்று கேட்கப்படும். கழித்தால் 441. இது மூன்றாம் ஆண்டுக்கு மட்டுமே உரிய வட்டி, அது விழுந்த தொகை 8,820. 441-ஐ 8,820-ஆல் வகுத்தால் 5% கிடைக்கிறது. 441-ஐ ஒவ்வோர் ஆண்டின் வட்டியாகவும் எடுத்துக்கொண்டவர், 8,820-இலிருந்து இருமுறை கழித்து அசல் 7,938 என்றும் வீதம் சுமார் 5.56% என்றும் முடிப்பார். கேள்வியில் 'தனிவட்டி' என்று இருந்திருந்தால் அந்த விடை முழுவதும் சரி. வழியில் பிழை இல்லை, எடுத்துக்கொண்ட வட்டிவகைதான் தவறு. விடையைச் சரிபார்க்க ஒரு வரி போதும்: 7,938-ஐ 5.56% கூட்டுவட்டியில் இரண்டு ஆண்டு வளர்த்தால் 8,820-ஐத் தாண்டிவிடும்.

நம்பிக்கை: 5 ஆண்டில் இரட்டிப்பானால், 8 மடங்காக 20 ஆண்டு.

எட்டு என்பது இரண்டின் நான்கு மடங்கு, ஆகவே ஐந்தின் நான்கு மடங்கு 20 என்பது இங்கே ஓடும் எண்ணம். வியப்பு என்னவென்றால், இந்த 20 எந்த வட்டிக்கும் பொருந்தாது. தனிவட்டியில் 5 ஆண்டுக்கு ஓர் அசல் அளவு வட்டி சேர்கிறது. 8 மடங்காக ஏழு அசல் அளவு வட்டி வேண்டும், அதற்கு 35 ஆண்டு. கூட்டுவட்டியில் 5 ஆண்டுக்கு ஒருமுறை கையிலிருக்கும் முழுத் தொகையும் இரட்டிக்கிறது: இரண்டு, நான்கு, எட்டு. மூன்று இரட்டிப்பு, 15 ஆண்டு. தனிவட்டி கூட்டல் வழியில் போகிறது, கூட்டுவட்டி பெருக்கல் வழியில் போகிறது. மடங்குகளைக் கேட்கும் கேள்வியில் இந்த வேறுபாடு மறைக்கவே முடியாதபடி வெளிப்படுகிறது.

நம் 8,000 ரூபாயும் அப்படித்தான். 5% தனிவட்டியில் அது 16,000 ஆக சரியாக 20 ஆண்டு. கூட்டுவட்டியில் 14 ஆண்டு முடிவில் சுமார் 15,839 ரூபாயாக நிற்கிறது, 15-ஆம் ஆண்டுக்குள் 16,000-ஐக் கடக்கிறது. மூன்றாம் ஆண்டில் 61 ரூபாயாக இருந்த வித்தியாசம், 20-ஆம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 5,226 ரூபாய்.