ஜெர்மன் படிக்கிற தங்கச்சி, முதல்ல உன் படியைப் பார்!

நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகத் துடிக்கிற கொடைக்கானல் தங்கச்சிக்குத்தான் இது. அங்கே செவிலியராகப் பதிவு வாங்கப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். அதைக் கேட்டதுமே பி2 புத்தகத்தை வாங்கி வந்து பையில் வைத்துக்கொள்கிறாயே, கொஞ்சம் நில்லு. ஏ1 முதல் சி2 வரை ஆறு படி இருக்கிறது. நீ நிற்கிற படி எது?

1. கோர்ஸ் முடித்த கணக்கைச் சொல்லாதே. இணையத்தில் ஐந்து நிமிடத்தில் முடிகிற குவிஸையும் நம்பாதே, அவற்றில் பெரும்பாலும் இலக்கணம்தான் கேட்கிறார்கள். கோத்தே இன்ஸ்டிடியூட் இணையதளத்தில் மாதிரித் தேர்வு இலவசமாகக் கிடைக்கிறது. பி1 எடுத்து உட்கார். வாசிப்புக்கு 65 நிமிடம், கேட்டலுக்கு 40. தேர்வில் சில ஒலிப்பகுதிகளை ஒரே தடவைதான் போடுவார்கள். அதனால் ஆடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்காதே, அப்படி வருகிற மார்க்கு பொய். ஒவ்வொன்றிலும் 30 கேள்வி; 18 சரியாக இருந்தால் பாஸ்.

2. நான்கு திறனையும் சேர்த்து ஒரே படி என்று சொல்லாதே. பூம்பாறைப் பெண் ஒருத்தி, பி1 கிளாஸை முடித்தவள், என் முன்னால் எழுதினாள். வாசிப்பில் 24, கேட்டலில் 13. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏ2 கேட்டல் தாளைக் கொடுத்தேன், 20க்கு 16. வாசிப்பு பி1, காது ஏ2, அவ்வளவுதான் விஷயம். புத்தகத்தையே பார்த்துப் படித்தால் இப்படித்தான் ஆகும்.

3. காதுக்கு வேறு, கண்ணுக்கு வேறு என்று எடு. டாய்ச்ச வெல்லேயின் Nicos Weg வீடியோத் தொடர் ஏ1, ஏ2, பி1 என்று தனித்தனியாக இருக்கிறது, இலவசம். பூம்பாறைப் பெண்ணை ஏ2 பகுதியில் உட்காரவைத்தேன். எழுத்தை மூடிவிட்டு இரண்டு தடவை கேள், அப்புறம் திறந்து பார். வாசிக்க, அதே இடத்தில் பி1 மாணவர்களுக்கான Top-Thema. மெதுவாக வாசிக்கிற செய்தி என்று ஒன்று உண்டு. பேரைப் பார்த்து ஏமாறாதே, அது பி2-வும் அதற்கு மேலும். வத்தலக்குண்டு மலைப்பாதையில் சிக்னல் போய்விடும், கேட்கவேண்டியதை வீட்டிலேயே இறக்கிக்கொள்.

4. புத்தகம் வாங்குமுன் நடுப்பக்கத்தில் நூறு வார்த்தை எண்ணு. தெரியாதது ஐந்துக்குள் இருந்தால் வாங்கு. பத்தைத் தாண்டினால் வைத்துவிடு. வரிக்கு ஒரு தடவை அகராதி புரட்டினால் முன்வரி மறந்துபோகும்.

5. பேச்சுக்கு, டியூட்டி மாறும்போது நோயாளியை ஒப்படைக்கிற மாதிரி இரண்டு நிமிடம் ஃபோனில் பதிவு செய். துண்டு துண்டாகப் பேர், வயது, வலி என்று மட்டும் வந்தால் ஏ2. நேற்று நடந்ததை வரிசையாக, காரணத்தோடு சொன்னால் பி1. டாக்டர் மறுத்துக் கேட்டாலும் உன் பக்கத்தை விளக்க முடிந்தால் பி2. சொந்தக் காதுக்கு எல்லாம் சரியாகவே கேட்கும், டீச்சரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்.

6. பூம்பாறைக்காரி மூன்று மாதம் கழித்து அதே பி1 கேட்டல் தாளை எடுக்க வந்தாள். விடவில்லை, விடை ஞாபகம் இருக்கும். இன்னொரு தாள் கொடுத்தேன். 19 வந்தது. பி2 புத்தகத்தை அன்றைக்குத்தான் பையிலிருந்து எடுக்கச் சொன்னேன்.